72 வகுத்திகள் கொண்ட மிகச் சிறிய எண்: கணக்கு வழுக்கும் இடங்கள்

சரியாக 72 வகுத்திகள் உள்ள மிகச் சிறிய எண் எது? கணக்குப் போட்டிக்குத் தயாராகிறவர்களிடம் கேட்டால் பலர் 13860 என்று எழுதுவார்கள். இன்னும் கொஞ்சம் யோசிக்கிறவர்கள் 12600 என்பார்கள். இரண்டுக்கும் 72 வகுத்திகள் இருப்பது உண்மைதான், ஆனால் இரண்டும் விடை இல்லை. விடை 10080. இந்த மூன்று எண்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால், இந்த வகைக் கணக்கில் வழக்கமாக வரும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே பிடிபட்டுவிடும்.

அடிப்படை தெரிந்ததுதான். ஓர் எண்ணைப் பகா எண்களின் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வரும். 12 = 2² × 3, ஆகவே (2+1) × (1+1) = 6 வகுத்திகள். நம் கணக்கு இதையே தலைகீழாகக் கேட்கிறது. 72 என்ற எண்ணிக்கையைக் காரணிகளாக உடைத்து, ஒவ்வொரு காரணியிலும் 1 கழித்து, அதை ஏதாவது ஒரு பகா எண்ணின் அடுக்காக வைக்க வேண்டும்.

அந்த 1-ஐக் கழிக்க மறப்பதுதான் முதல் தவறு. 72 = 3 × 3 × 2 × 2 × 2 என்று உடைத்ததும் கை தானாக 2³ × 3³ × 5² × 7² × 11² என்று எழுதிவிடும். அதற்கு 432 வகுத்திகள்! எண்ணிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால் இது பெரிய ஆபத்தில்லை. அடுக்குகளை இறங்கு வரிசையில் வைக்காமல் விடுவதும் அப்படித்தான். பெரிய அடுக்கு சிறிய பகா எண்ணுக்குப் போக வேண்டும். 2 × 3² = 18, 2² × 3 = 12, இரண்டிலும் வகுத்திகள் 6. இதைத் தனியாகக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். ஆனால் கணக்கின் நடுவில் மறந்துபோவார்கள். அந்த இடம் கீழே வருகிறது.

பகாக் காரணிகளோடு நின்றுவிடுவது

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எண்ணிக்கையைப் பகா எண்களாக முழுவதும் உடைத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, 2, 3, 5, 7 என்று வரிசையாகப் பொருத்திவிட்டால் விடை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 6-க்கு வருகிறது (12), 12-க்கு வருகிறது (60), 18-க்கும் வருகிறது (180). நாலைந்து முறை சரியாக வந்ததும் அதுவே விதி என்று மனதில் பதிந்துவிடுகிறது.

8-ல் முதல்முறையாக உடைகிறது. 2 × 2 × 2 என்றால் 2 × 3 × 5 = 30. ஆனால் 24 = 2³ × 3 என்ற எண்ணுக்கும் 4 × 2 = 8 வகுத்திகள் உண்டு, அது 30-ஐவிடச் சிறியது. அதாவது, இரண்டு 2-களைத் தனித்தனியாக வைக்காமல் 4 என்று சேர்த்துவிட்டால் லாபம்.

எப்போது சேர்த்தால் லாபம்? இதை ஒரு வரவு செலவுக் கணக்காகவே பார்க்கலாம். 30-லிருந்து 24-க்குப் போகும்போது 5 என்ற பகா எண் கழன்றுவிடுகிறது, அது வரவு. பதிலுக்கு 2¹ என்பது 2³ ஆகிறது, அதாவது 4 மடங்கு செலவு. 4-ஐவிட 5 பெரியது, ஆகவே சேர்ப்பது லாபம். இதே கணக்கை 4 வகுத்திகளுக்குப் போட்டால், 2 × 3-லிருந்து 2³-க்குப் போக 3 வரவு, 4 செலவு. நஷ்டம். அதனால்தான் 4-க்கு விடை 6 ஆகவே நிற்கிறது. 16-க்கு 2 × 3 × 5 × 7 = 210, சேர்த்தால் 7 கழன்று 4 மடங்கு ஏறுகிறது, விடை 120.

இதிலிருந்து "மூன்று 2-கள் இருந்தால் இரண்டைச் சேர்த்துவிட வேண்டும்" என்று சிலர் அடுத்த குறுக்குவழியைக் கட்டிக்கொள்கிறார்கள். அதுவும் ஆகாது. 40 = 5 × 2 × 2 × 2 என்பதைப் பாருங்கள். உடைத்தபடியே வைத்தால் 2⁴ × 3 × 5 × 7 = 1680. இரண்டு 2-களைச் சேர்த்தால் 5 × 4 × 2, அதாவது 2⁴ × 3³ × 5 = 2160. இங்கே 2-ன் இடத்தை 5 என்ற காரணி ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது. சேர்ந்து வந்த 4, பகா எண் 3-ன் மேல் போய் உட்கார வேண்டியிருக்கிறது. செலவு 9 மடங்கு, வரவு 7 மட்டுமே. ஆக 40-க்கு விடை 1680 தான். அதே 80-க்கு வந்தால் கழலும் பகா எண் 11 ஆகிவிடுகிறது, செலவு அதே 9. இப்போது சேர்ப்பது லாபம்: 18480 போய் 15120 வருகிறது.

சேர்த்த பிறகு மறுபடி அடுக்காமல் விடுவது

24 என்ற எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். 3 × 2 × 2 × 2, ஆகவே 2² × 3 × 5 × 7 = 420. இரண்டு 2-களைச் சேர்க்கிறோம். 3-ன் மேலிருந்த 2-ல் இன்னொன்றைச் சேர்த்தால் 2² × 3³ × 5 = 540. செலவு 9, வரவு 7, நஷ்டம். "சரி, சேர்க்கக் கூடாது போலிருக்கிறது" என்று 420-ஐயே விடையாக எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் 540-ல் அடுக்குகள் 2, 3, 1 என்று வரிசை தவறி நிற்கின்றன. இறங்கு வரிசைக்குக் கொண்டுவந்தால் 2³ × 3² × 5 = 360. உண்மையான செலவு 9 இல்லை. 2-ல் ஒன்று ஏறியதற்கு 2, 3-ல் ஒன்று ஏறியதற்கு 3, மொத்தம் 6 மடங்கு. வரவு 7. விடை 360. சேர்த்ததும் முதலில் வரிசைப்படுத்த வேண்டும், லாப நஷ்டம் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

எதை எதோடு சேர்ப்பது

இப்போது 72-க்குத் திரும்பலாம். பகா எண்களாக உடைத்தால் 3 × 3 × 2 × 2 × 2, எண் 2² × 3² × 5 × 7 × 11 = 13860. 8-லும் 16-லும் 24-லும் 2-களைச் சேர்த்துப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும்: 4 × 3 × 3 × 2, வரிசையாக வைத்தால் 2³ × 3² × 5² × 7 = 12600. செலவு 2 × 5 = 10, வரவு 11. லாபம்தான், ஆனால் சொற்ப லாபம்.

3-ஐயும் 2-ஐயும் சேர்த்து 6 ஆக்கினால்? 6 × 3 × 2 × 2, அதாவது 2⁵ × 3² × 5 × 7 = 10080. 2² என்பது 2⁵ ஆகிறது, செலவு 8 மட்டும். கழலுவது அதே 11. ஒரே மாதிரிக் காரணிகளைத்தான் சேர்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் 2 × 2 மட்டுமே கண்ணில் படுவதால் இது தப்பிவிடுகிறது. மீதி ஒரு வழி 3 × 3 = 9. அது 2⁸ × 3 × 5 × 7 = 26880, நினைத்தே பார்க்க வேண்டாம்.

10080 தான் முடிவு என்று எப்படி உறுதி செய்வது? வகுத்திகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டு "72 வருகிறது, முடிந்தது" என்பது இன்னொரு பொதுவான தவறு. 13860-க்கும் 72 வரத்தான் செய்கிறது. எண்ணிப் பார்ப்பது எண்ணிக்கையை உறுதி செய்யுமே தவிர, அதைவிடச் சிறியது இல்லை என்பதை உறுதி செய்யாது. அதற்கு 72-ஐ 1-க்கு மேற்பட்ட காரணிகளாக உடைக்கும் எல்லா வழிகளையும் பார்க்க வேண்டும். மொத்தம் 16 வழிகள்தான். 18, 24, 36, 72 போன்ற பெரிய காரணி உள்ளவற்றில் 2-ன் அடுக்கு 17-க்குக் குறையாது. 2¹⁷ மட்டுமே 131072, ஆகவே அவை பார்த்தவுடன் கழிந்துவிடும். 12 உள்ளவற்றில் 2¹¹ வரும். அவற்றில் சிறியதே 92160. மீதமுள்ளவற்றை ஐந்து நிமிடத்தில் பெருக்கிப் பார்த்துவிடலாம். 10080-க்கு அடுத்தபடி சிறியது அந்த 12600 தான்.

எண்ணிக்கை 2-ன் அடுக்காக (8, 16, 32, 64…) இருந்தால் மட்டும் இந்தத் தேடலே வேண்டாம். ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு அழகான வழி இருக்கிறது. பகா எண்கள், அவற்றின் வர்க்கங்கள், நான்காம் அடுக்குகள், எட்டாம் அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 2, 3, 4, 5, 7, 9, 11, 13, 16, 17… முதல் k எண்களின் பெருக்கமே 2ᵏ வகுத்திகள் கொண்ட மிகச் சிறிய எண். 64-க்கு 2 × 3 × 4 × 5 × 7 × 9 = 7560. இதில் 8-ஐயும் நுழைத்துவிடுகிறவர்கள் உண்டு. 2-ன் அடுக்கு 1-லிருந்து 3-க்கு ஏற 4 மடங்கு, 3-லிருந்து 7-க்கு ஏற 16 மடங்கு. நடுவில் 8-க்கு வேலையே இல்லை. Project Euler தளத்தின் 500-வது கணக்கு 2⁵⁰⁰⁵⁰⁰ வகுத்திகளைக் கேட்கிறது. இந்த வரிசை தெரிந்தால் அது எளிது.

"சரியாக" என்ற சொல்லும், நிரலில் வரும் பூஜ்யமும்

"குறைந்தது 7 வகுத்திகள்" என்றால் விடை 24. "சரியாக 7" என்றால் 64. 7 பகா எண் என்பதால் அதை உடைக்க வழியே இல்லை, 2⁶ மட்டுமே கிடைக்கும். எண்ணிக்கை கூடினால் விடையும் கூடும் என்று நம்பி, சிறிய எண்ணிக்கையின் விடையிலிருந்து மேலே தேட ஆரம்பிப்பவர்கள் இதில் விழுகிறார்கள். 11-க்கு 1024, 12-க்கு வெறும் 60.

நிரல் எழுதுகிறவர்களுக்கு வரும் சிக்கலும் இதே பெரிய அடுக்குகளால்தான். Codeforces என்ற நிரல் போட்டித் தளத்தின் 27E கணக்கில் எண்ணிக்கை 1000 வரை போகலாம், விடை 10¹⁸-ஐத் தாண்டாது என்று உறுதி தருகிறார்கள். விடைதான் தாண்டாது. தேடலின் நடுவில் 2⁹⁹⁹ போன்றவை வந்துகொண்டேதான் இருக்கும். 64 பிட் எண்ணில் 2-ஐ மறுபடி மறுபடி பெருக்கினால் ஒரு கட்டத்தில் மதிப்பு 0 ஆகிவிடும், நிரலும் அந்த 0-ஐயே மிகச் சிறிய எண் என்று பிடித்துக்கொள்ளும். விடையாக 0 அல்லது குறை எண் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பெருக்கிய பிறகு ஒப்பிடாமல், பெருக்குவதற்கு முன்பே நிறுத்த வேண்டும்:

```cpp
if (cur > LIMIT / p) break;
cur *= p;
```

பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லா உடைப்புகளையும் இப்படித் தேடலாம்:

```python
P = [2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29]
def f(n, i=0, cap=10**9):
    if n == 1:
        return 1
    c = [P[i]**(d-1) * f(n//d, i+1, d)
         for d in range(2, min(n, cap)+1)
         if n % d == 0 and f(n//d, i+1, d)]
    return min(c, default=0)
```

இதில் `cap` இருப்பது அடுத்த காரணி முந்தையதைவிடப் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ள. வழி அடைபட்டால் 0 திரும்பும், அந்த வழி பட்டியலில் சேராது. `P`-ல் பத்து பகா எண்கள் இருப்பது 2047 வரையான எண்ணிக்கைக்குப் போதும். 2048-க்கு 2-ஐப் பதினொரு முறை பெருக்க வேண்டும் என்பதால் 31-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். `f(40)` 1680 என்றும் `f(72)` 10080 என்றும் வருகிறதா என்று பாருங்கள். 40 சரியாக வந்து 72-க்கு 13860 வந்தால், நிரல் பகாக் காரணிகளோடு நின்றுவிடுகிறது. 12600 வந்தால், 2-களை மட்டும் சேர்க்கிறது.