செலவு குறைந்தால் லாபம் எவ்வளவு கூடும்? இரண்டு நிறுவனங்களின் அளவுப் போட்டி

ஒரே பொருளை இரண்டே நிறுவனங்கள் விற்கின்றன. ஒவ்வொன்றும் விலையை அல்ல, எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. மொத்த அளவைப் பார்த்து விலையைத் தீர்மானிப்பது சந்தை. 1838இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கூர்னோ இதை எழுதியபோது, செலவே இல்லாத இரண்டு நீரூற்றுகளை எடுத்துக்கொண்டார். நாம் செலவைச் சேர்ப்போம், அதுவும் ஏற்றத்தாழ்வோடு.

படி 1: எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

இரண்டு நிறுவனங்களின் அளவுகள் `q1`, `q2` என்றால், விலை `P = 100 − q1 − q2`. இதுதான் தேவைக்கோடு. இன்னும் ஓர் அலகு தயாரிக்க ஆகும் கூடுதல் செலவுக்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். முதல் நிறுவனத்துக்கு அது 10, இரண்டாவதற்கு 25. நிலையான செலவு எதுவும் இல்லை.

படி 2: எதிராளியின் அளவைத் தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்

முதல் நிறுவனத்தின் லாபம் `(100 − q1 − q2 − 10) × q1`. இதில் `q2`வை மாறாத எண்ணாகக் கருதி, `q1`ஐப் பொறுத்து வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துங்கள். இரண்டாவது நிறுவனத்துக்கும் அப்படியே.

```
q1 = (90 − q2) / 2
q2 = (75 − q1) / 2
```

இவைதான் எதிர்வினைச் சார்புகள். எதிராளி ஓர் அலகு கூட்டினால் நான் அரை அலகு குறைப்பேன் என்று இரண்டுமே சொல்கின்றன.

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். செலவு சமமாக இருந்த கணக்கில் `q1 = q2` என்று போட்டுச் சுருக்கிப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்துவிடும். செலவு வேறு என்றால் அளவும் வேறு. இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

படி 3: தீர்த்துச் சரிபாருங்கள்

ஒன்றை மற்றொன்றில் இட்டால் `q1 = 35`, `q2 = 20`. மொத்தம் 55, விலை 45. ஓர் அலகுக்கு முதல் நிறுவனம் பெறும் லாபம் 45 − 10 = 35, இரண்டாவது பெறுவது 45 − 25 = 20. இரண்டும் அவரவர் அளவோடு அப்படியே ஒத்துப்போவதைக் கவனியுங்கள். தேவைக்கோட்டின் சரிவு 1 ஆக இருக்கும்போது இது எப்போதும் நடக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. ஆகவே லாபம் அளவின் வர்க்கம்: 1225, 400. அளவில் இரண்டு மடங்குகூட இல்லாத முன்னிலை, லாபத்தில் மூன்று மடங்காகிவிட்டது.

படி 4: அந்த லாபம் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முன்பு இருவருக்குமே செலவு 25தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆளுக்கு 25 அலகு, விலை 50, லாபம் 625. பிறகு முதல் நிறுவனம் மட்டும் செலவை 15 குறைத்துவிட்டது. பழைய 25 அலகுகளில் மிச்சமாவது 375. ஆனால் லாபம் 625இலிருந்து 1225ஆக, அதாவது 600 கூடியிருக்கிறது. மீதி 225 எப்படி வந்தது?

எதிராளி 25இலேயே நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். முதல் நிறுவனம் (90 − 25) / 2 = 32.5 அலகு தயாரிக்கும், லாபம் 1056.25. அளவைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டதால் கிடைத்தது 56.25 மட்டுமே. எஞ்சிய 168.75 எதிராளி பின்வாங்கியதால் வந்தது. இவர் கூட்டுவார் என்று தெரிந்தே அவர் 25இலிருந்து 20க்கு இறங்குகிறார். அவர் இறங்குவார் என்று தெரிந்தே இவர் 35 வரை போகிறார். எதிராளியின் செலவு ஒரு காசுகூடக் கூடவில்லை. ஆனாலும் அவருடைய லாபம் 625இலிருந்து 400ஆகச் சரிந்துவிட்டது.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. செலவு குறைந்தது எதிராளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவர் 25இலேயே நிற்பார், அந்த 168.75 கிடைக்காது.

படி 5: சூத்திரம் எங்கே உடைகிறது?

இரண்டு நிறுவனங்களின் இறுதிநிலைச் செலவுகளை `c1`, `c2` என்று எழுதினால், பொதுவான விடை இது:

```
q1 = (100 − 2·c1 + c2) / 3
q2 = (100 − 2·c2 + c1) / 3
```

விலைப் போட்டியாக இருந்தால், ஒரே மாதிரிப் பொருளில் செலவு கூடியவரால் எதையும் விற்க முடியாது. அளவுப் போட்டியில் அவர் சிறியவராகத் தாக்குப்பிடிக்கிறார், ஆனால் ஓர் எல்லை வரைதான். `c1 = 10` என்றே வைத்து `c2 = 60` என்று இட்டுப் பாருங்கள். `q2` எதிர்மறையாக, ஏறக்குறைய −3.3 என்று வரும், `q1` 46.7 ஆகும். தனியாளாகச் சந்தையை ஆண்டாலும் முதல் நிறுவனத்துக்கு உகந்த அளவு 45தான், ஆகவே 46.7க்குப் பொருளே இல்லை. எதிர்மறை எண் வந்தவுடன் `q2 = 0` என்று வைத்து, முதல் எதிர்வினைச் சார்புக்குத் திரும்புங்கள்: 45 அலகு, விலை 55. எல்லையும் அந்த 55தான். முதல் நிறுவனம் தனியாக நின்றால் கேட்கும் விலையைவிட இரண்டாவதன் செலவு குறைவாக இருக்கும் வரை அதற்குச் சந்தையில் இடமுண்டு.