நிறுத்தற் கடிதம் கடைசியில்தான்: சம்பளம் கொடுக்காத ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தத்தை முடிக்கும் முறை

கிளிநொச்சியிலிருந்து பூநகரி செல்லும் வழியில் உள்ள ஓர் அரிசி ஆலையின் நிர்வாகத்தைக் கவனிப்பது எனது வேலை. மூட்டை ஏற்றி இறக்கவும், நெல் காயவிடும் தளத்தைப் பார்க்கவும், துப்புரவுக்கும் பதினொரு பேரை ஒரு மனிதவலு ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்திருந்தோம். காலபோக நெல் வந்து குவிந்திருந்த மார்ச் 20ஆம் திகதி, தளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா அலுவலக வாசலில் வந்து நின்று, "ஐயா, முற்பணமா ஒரு மூவாயிரம் தருவியளோ?" என்று கேட்டார். பெப்ரவரிச் சம்பளத்தில் பாதிதான் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆனால் பெப்ரவரிக்கான முழுப் பில்லையும் நாங்கள் மார்ச் 5ஆம் திகதியே ஒப்பந்தக்காரருக்குக் கட்டி முடித்திருந்தோம்.

அதன் பின்னர் நாங்கள் செய்தவற்றை, இதே நிலையில் முதன்முதலாக நிற்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஒப்பந்தம் எழுதுவது எப்படி என்பதற்குள் நான் போகவில்லை. உங்கள் கையில் கையொப்பமிட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இந்த விடயத்தைத் தமிழில் இணையத்தில் தேடினால் வருபவை பெரும்பாலும் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. அங்கே 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21(4)ஆம் பிரிவில், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மைத் தொழில்தருநரே அதைக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரருக்குரிய பணத்தில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. பின்னர் வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பைத் தொடர்கிறது. இலங்கையில் ஒப்பந்தத் தொழிலாளருக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. ஆகவே நேரடியாகக் கொடுக்கவும் கழிக்கவும் உள்ள உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதற்காக இங்கே நமக்குப் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்தருநர் என்பதற்குக் கொடுக்கும் வரைவிலக்கணத்தில், யாருடைய சார்பில் இன்னொருவர் ஆள் சேர்க்கிறாரோ அவரும் அடங்குகிறார்.

முதற்படி: யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவரவரிடமே கேட்டு எழுதுதல்

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரை வைத்துக்கொண்டு இதைக் கேட்காதீர்கள். அவர் நிற்கும்போது எல்லோரும் "கிடைச்சது" என்றே சொல்வார்கள். நாங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, வேலை செய்த நாட்கள், கடைசியாகக் கிடைத்த தொகை, கிடைத்த திகதி ஆகியவற்றை எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்றோம். எங்கள் வாயிற் பதிவேட்டிலுள்ள நாட்கணக்கோடு அதை ஒப்பிட்டதில் இரண்டு பேருடைய கணக்கில் மட்டும் ஒவ்வொரு நாள் வேறுபட்டது. அதை அன்றே பேசித் தீர்த்தோம். இதற்குக் கணினி அட்டவணையை விடப் பக்க எண் இட்ட சீஆர் கொப்பியே எனது தெரிவு. பின்னர் திருத்தினால் திருத்தியது தெரியும் என்பதால், விசாரணை ஒன்று வந்தால் அதன் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

ஊழியர் சேமலாப நிதியையும் இதே நாளில் கேளுங்கள். சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்பட்டிருக்கும். தொழில்தருநர் தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் சேர்த்துக் கட்ட வேண்டும். சம்பளம் தடுமாறும் இடத்தில் இந்த நிதி பெரும்பாலும் அதற்கு முன்பே நின்றுபோயிருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஜனவரியிலிருந்தே கட்டப்படவில்லை.

இரண்டாம் படி: பணத்தை நிறுத்திவைத்தல்

நான் தடுமாறிய இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். விடயம் தெரிந்த அன்று மாலையே கோபத்தில் நான் ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதத்தை எழுதிவிட்டேன். மார்ச் மாதப் பில் வந்ததும் அதையும் கட்டி, பிணைப் பணத்தையும் திருப்பிக் கொடுத்து, கணக்கைச் சுத்தமாக முடித்துவிடுவோம் என்று கணக்காளரிடம் சொல்லியும் வைத்தேன். தொழில் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஐயாவிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியபோது, அவர் அதை மடித்து என் கையிலேயே தந்து, "இதைக் கடைசியாக அனுப்புங்கோ" என்றார்.

அவர் சொன்ன காரணம் எளிது. தொழிலாளரின் சம்பளத்துக்கு இருக்கும் ஒரே உண்மையான பிணை, ஒப்பந்தக்காரருக்கு நாம் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கும் பணம்தான். ஒப்பந்தத்தை முதலில் முடித்துவிட்டால், "ஆலை என்னை நிறுத்திவிட்டது, என்னிடம் பணமில்லை" என்று சொல்லி அவர் தொலைபேசியை நிறுத்திவிடலாம். பில்லையும் கட்டிவிட்டால் நம் கையில் எதுவும் மிஞ்சாது. மறுபக்கம், பணம் நம்மிடம்தானே இருக்கிறது என்று, ஒப்பந்த வாசகமோ சம்மதமோ இல்லாமல் தொழிலாளருக்கு நேரே கொடுத்தாலும் ஆபத்து உண்டு. ஒப்பந்தக்காரர் தன் பில்லுக்கு வழக்குப் போட்டால் ஒரே பணத்தை நாம் இரண்டு தடவை கட்ட நேரிடும்.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்: நிறுத்திவைத்தல், அறிவித்தல், தொழிலாளருக்குக் கொடுத்தல், அதற்குப் பிறகே ஒப்பந்தத்தை முடித்தல்.

எங்கள் கணக்கு இதுதான். பதினொரு பேருக்கும் ஒரு மாதச் சம்பளம் 495,000 ரூபாய். 8 வீதம் போகக் கையில் கிடைக்க வேண்டியது 455,400 ரூபாய். பெப்ரவரியில் பாதியும் மார்ச்சில் முழுவதுமாகச் சேர்ந்து பாக்கி 683,100 ரூபாய். எங்கள் கையில் மார்ச் பில் 620,000 ரூபாயும் பிணைப் பணம் 150,000 ரூபாயும் இருந்தன. ஆக, சம்பளம் முழுவதையும் கொடுத்த பின்னும் 86,900 ரூபாய் மிஞ்சும். ஆனால் மூன்று மாதங்களுக்கு இரண்டு நிதிகளுக்கும் கட்ட வேண்டியது 341,550 ரூபாய் என்பதால் அதற்கு இது போதாது. நாங்கள் முதலில் சம்பளத்தைத் தீர்ப்பது என்று முடிவெடுத்தோம்.

மூன்றாம் படி: குறைபாட்டு அறிவித்தல்

சம்பளம் தவறினால் எழுத்தில் அறிவித்து 14 நாட்கள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தத்திலிருந்த வாசகம். உங்களுடையதில் எத்தனை நாள் என்று பாருங்கள். கடிதத்தில் எந்த மாதம், எத்தனை பேர், எவ்வளவு தொகை, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்பவை இருக்க வேண்டும். நாங்கள் எழுதிய முக்கிய வாக்கியம் இது: "மேற்குறித்த தொகையை இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தொழிலாளருக்குச் செலுத்தி, அதற்கான கையொப்பமிட்ட பற்றுச்சீட்டுகளை எமக்குச் சமர்ப்பிக்கத் தவறின், தங்களுக்குரிய கொடுப்பனவிலிருந்து அத்தொகையைத் தொழிலாளருக்கு நேரடியாகச் செலுத்துவதுடன், ஒப்பந்தத்தை முடிவுறுத்தவும் நடவடிக்கை எடுப்போம்."

நாட்களைக் கடிதத் திகதியிலிருந்து எண்ணாதீர்கள். நாங்கள் அனுப்பியது மார்ச் 24. அவர் கையொப்பமிட்டுப் பெற்றது மார்ச் 27. ஆகவே அவகாசம் முடிந்தது ஏப்ரல் 10ஆம் திகதி. ஏழாம் திகதியே நடவடிக்கை எடுத்திருந்தால், அந்த மூன்று நாட்களைப் பிடித்துக்கொண்டே அவர் முழு நடவடிக்கையையும் தவறென்று வாதாடியிருக்கலாம். தற்செயலாக அதே பத்தாம் திகதிதான் மார்ச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளும். மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

கடிதத்தை ஒப்பந்தத்திலுள்ள முகவரிக்கும், வியாபாரப் பதிவுச் சான்றிதழிலுள்ள முகவரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதை நான் இதற்குப் போதுமானதாக ஏற்பதில்லை. கூடுதலாக அனுப்பலாம், அவ்வளவுதான்.

நான்காம் படி: கொடுப்பனவு

பத்தாம் திகதி ஒப்பந்தக்காரர் வந்தார். ஒப்பந்தத்தில் கழிக்கும் உரிமை இருந்தபோதிலும், மூன்று தரப்பும் கையொப்பமிடும் ஒரு பக்க உடன்பாட்டை வைத்தோம். அதில் தொழிலாளரின் பெயர்களும் தொகைகளும் இருந்தன. இக்கொடுப்பனவு பில்லிலிருந்து கழிக்கப்படும் என்ற சம்மதமும், ஏப்ரல் மாதச் சம்பளத்தையும் இதே முறையில் கொடுக்கலாம் என்ற சம்மதமும் இருந்தன. சமாதான நீதவான் ஒருவர் சாட்சியாக ஒப்பமிட்டார். மறுநாள், புத்தாண்டுக்கு மூன்று நாட்கள் முன்பு, பதினொரு பேரின் கையிலும் பணம் இருந்தது.

பற்றுச்சீட்டின் வாசகத்தில் மிகுந்த கவனம் வேண்டும். "எனக்குரிய எல்லாம் கிடைத்துவிட்டது" என்று எழுதி வாங்கினால், சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் உள்ள அவர்களின் உரிமையை அவர்களைக் கொண்டே மறுக்க வைத்ததாகிவிடும். "பெப்ரவரி மாதப் பாக்கிச் சம்பளம், மார்ச் மாதச் சம்பளம் ஆகியன மாத்திரம் கிடைத்தன, ஏனைய உரிமைகளை இது பாதிக்காது" என்று எழுதுங்கள்.

நிதிப் பாக்கிக்காகத் தொழிலாளர்கள் தனித்தனியே தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள். சீஆர் கொப்பியின் பிரதிகளை நாங்கள் கொடுத்தோம். கையில் மிஞ்சிய பணத்தை ஒப்பந்தக்காரரிடம் விடுவிக்காமல், தொழில் அலுவலகத்தின் எழுத்துமூலப் பணிப்பு வரும்வரை வைத்திருக்கிறோம்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தை முடித்தல்

இப்போதுதான் அந்தக் கடிதம். ஏப்ரல் 16ஆம் திகதி அனுப்பி, ஏப்ரல் 30ஆம் திகதியோடு ஒப்பந்தம் முடிவதாக எழுதினோம். உடனடியாக முடிக்கும் உரிமை இருந்தும் இரண்டு வாரம் விட்டது தொழிலாளருக்காகத்தான். அதற்குள் அவர்களை மே 1 முதல் ஆலையிலேயே நேரடியாகச் சேர்த்துக்கொள்ள நிர்வாகக் குழுவின் அனுமதி கிடைத்தது. கடிதத்தில் இரண்டு வாக்கியங்களைத் தவறவிடாதீர்கள்: இது தங்களுடனான சேவை ஒப்பந்தத்தை மட்டுமே முடிக்கிறது, எந்தத் தொழிலாளரையும் நீக்குமாறு நாம் கோரவில்லை என்பது ஒன்று, சம்பளம், நிதிகள் தொடர்பான தங்கள் கடப்பாடுகள் இதன் பின்னரும் தொடரும் என்பது மற்றையது. பதினைந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர், 180 நாட்களுக்கு மேல் வேலை செய்த ஒருவரை அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. நமது கடிதத்தைக் காரணமாகக் காட்டி அவர் அதைத் தாண்டிவிடக் கூடாது.

நேரடியாகச் சேர்க்கும்போது, பழைய வேலையிலிருந்து விலகுவதாக அவர்களிடம் கடிதம் வாங்காதீர்கள். ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு ஒப்பந்தக்காரரிடமிருந்து பணிக்கொடை வர வேண்டியிருக்கலாம். எங்களிடம் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். சேவைக் காலத்தைக் காட்டும் கடிதத்தை ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பதே சரி.

பின்னர் சேர்த்தது: மன்னாரிலிருந்து ஒரு வாசகர், ஒப்பந்தக்காரர் கூட்டத்துக்கே வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கழிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், அவகாசம் முடிந்த மறுநாள் சாட்சிகளுடன் கொடுத்துவிட்டு, கணக்கைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். அந்த உரிமை இல்லையென்றால் பணத்தைத் தொடாமல் வைத்து, தொழிலாளரின் முறைப்பாட்டோடு தொழில் அலுவலகத்துக்கு நீங்களும் எழுதுங்கள். வவுனியாவிலிருந்து வந்த இன்னொரு குறிப்பு எனக்கே புதியது: அவருடைய ஒப்பந்தக்காரர் தன் பில்களை ஏற்கெனவே ஒரு நிதி நிறுவனத்துக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தாராம். ஆகவே பணத்தை நிறுத்திவைக்கும் நாளிலேயே, அப்படியான அறிவித்தல் ஏதும் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறதா என்று கோவையைப் புரட்டிப் பாருங்கள். வந்திருந்தால், ஒரு ரூபாயும் கொடுக்கும் முன் சட்டத்தரணியிடம் போங்கள்.