தரையில் கமோடு பொருத்துவது: நட்டை முடுக்குவதற்கு முன் அளக்க வேண்டிய ஓர் இடைவெளி

கமோடு மாட்டி இரண்டு வாரம் ஆகியிருக்கும். குளியலறையில் லேசாக ஒரு வாடை. ஃபினாயில் போட்டுக் கழுவினால் அரை நாள் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். கமோடு பாதத்தைச் சுற்றிச் சிலிகான் கச்சிதமாக இருந்தது, தரையில் ஈரம் கிடையாது. கடைசியில் கழற்றிப் பார்த்தால் அடியில் கால் லிட்டர் அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. குழாய்க்கும் கமோடுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெழுகு வளையத்தின் ஒரு பக்கம் அமுங்கவே இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது. சிலிகான் கசிவை நிறுத்தவில்லை, என் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது.

இரண்டாவது முறை பொருத்தியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும் எஸ்-ட்ராப் வகை கமோடுக்கான முறை இது. தரையில் 110 மி.மீ. பிவிசி குழாய், பாதத்தில் இரண்டு துளை, நடுவே வேக்ஸ் ரிங் என்கிற மெழுகு வளையம். தொட்டிக்குத் தண்ணீர் இணைப்பு கொடுப்பது வேறு கதை, அதற்குள் போகவில்லை.

முதலில் வெறுமனே உட்காரவைத்துப் பாருங்கள்

பழைய கமோடை எடுத்ததும் குழாய் வாயில் ஒரு துணிப் பந்தைத் திணித்துவிடுங்கள். கழிவு வாயு வீட்டுக்குள் வராது, நட்டோ திருகோ உள்ளே விழாது. பந்தில் ஒரு கயிறு கட்டி வெளியே விடுங்கள். துணி உள்ளே நழுவிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

முடிந்த சுவரிலிருந்து, அதாவது டைல்ஸ் மேற்பரப்பிலிருந்து, குழாயின் நடுப்புள்ளி வரை அளந்து, கமோடு பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். 300 மி.மீ. கமோடை 225 மி.மீ. குழாய்மேல் வைத்தால் தொட்டி சுவரில் இடிக்கும். இதை வாங்குவதற்கு முன்பே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது வளையம் இல்லாமல் கமோடைக் குழாய்மேல் இறக்கி, விளிம்பில் ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வையுங்கள். பிறகு முன்னால் இரு கையையும் ஊன்றி இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அதை இப்போதே தீர்க்க வேண்டும். போல்ட் முடுக்கினால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். முடுக்கும்போது பீங்கான் பாதம் வளையாது, விரிசல் விடும். நின்றதுபோல் தெரிந்தாலும், ஆள் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அசையும். மெழுகு ரப்பர் மாதிரி திரும்ப எழும்பாது; ஒருமுறை விலகினால் விலகியதுதான்.

ஆட்டத்துக்குப் பிளாஸ்டிக் ஆப்புத் துண்டுகளைப் பயன்படுத்துங்கள். மரச் சில்லு ஈரத்தில் ஊறி நைந்துபோகும், தகரம் துருப்பிடிக்கும். அடியில் சிமெண்ட் குழைத்துப் போட்டு உட்காரவைக்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. நாளை கழற்ற வேண்டி வந்தால் கமோடை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

ஆட்டம் நின்றதும் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு துளைகளின் வழியே தரையில் புள்ளி குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பு இருந்த இடங்களையும் குறியுங்கள்.

இடைவெளிக் கணக்கு

நான் தவறவிட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கமோடை ஒரு பழைய மெத்தை மேலோ போர்வை மேலோ கவிழ்த்துப் போடுங்கள். பாதத்தின் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வையுங்கள். கழிவு வெளியேறும் வாயின் விளிம்பு சட்டத்தைத் தொடாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். என் கமோடில் 12 மி.மீ. வந்தது.

அடுத்து, தரையில் குழாய் வாய் டைல்ஸ் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் குழாய் பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கும். எனக்கு 9 மி.மீ. கீழே இருந்தது. மூன்றாவதாக, ஆப்பு கமோடை எவ்வளவு தூக்குகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். எனக்கு 2 மி.மீ.

மூன்றையும் கூட்டினால் 23 மி.மீ. நான் வாங்கிய வளையத்தின் தடிமன் 26 மி.மீ. அப்படியென்றால் வளையம் வெறும் 3 மி.மீ.தான் அமுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் அதுவும் இல்லை. குறைந்தது 10 மி.மீ.யாவது அமுங்கினால்தான் மெழுகு பிதுங்கி, பீங்கானின் சொரசொரப்பிலும் குழாய் விளிம்பிலும் இறுக ஒட்டும். வளையம் தொட்டுக்கொண்டிருப்பது போதாது, நசுங்க வேண்டும்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் வைக்கமாட்டேன். நசுங்கும்போது மேல் வளையம் பக்கவாட்டில் வழுக்கினால் அது நமக்குத் தெரியாது. குழாய் வாயை மேலே கொண்டுவருவதே சரியான வழி. அதற்குப் பிவிசி ஃபிளாஞ்ச் கிடைக்கிறது. அதன் கழுத்து குழாய்க்குள் இறங்கும், தட்டு டைல்ஸ் மேல் உட்காரும். கழுத்தில் சால்வென்ட் சிமெண்ட் தடவி இறக்கி, தட்டைத் துருப்பிடிக்காத திருகுகளால் தரையோடு பிடித்துவிட வேண்டும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: கழுத்து உங்கள் குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்த வேண்டும், தட்டு கமோடு அடியில் உள்ள குடைவுக்குள் அடங்க வேண்டும்.

என் ஃபிளாஞ்ச் தட்டு டைல்ஸுக்கு மேல் 6 மி.மீ. நின்றது. இப்போது கணக்கு 12 கூட்டல் 2, கழித்தல் 6. இடைவெளி 8 மி.மீ. 26 மி.மீ. வளையம் 8-க்கு நசுங்கும். இதுதான் வேண்டும்.

தலைகீழ்ப் பிரச்சினையும் உண்டு. குழாய் டைல்ஸுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கமோடு வாய் அதன்மேல் ஏறி நிற்கும், பாதம் தரையைத் தொடாது. அப்போது குழாயை அறுத்து மட்டமாக்க வேண்டும்.

துளையும் போல்ட்டும்

டைல்ஸில் துளையிடும்போது முதலில் டிரில் மெஷினின் ஹாமர் விசையை அணைத்துவிடுங்கள். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டால் மெதுவான வேகத்தில் மேல் பூச்சைத் தாண்டுங்கள். டைல்ஸ் முழுக்கக் கடந்து காங்கிரீட் தட்டுப்பட்ட பிறகுதான் ஹாமர். துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கின் நீளத்தைவிட 5 மி.மீ. கூடுதல் ஆழம் போதும், அதற்குமேல் போகாதீர்கள். தரைக்குள் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கும், குழாய் ஓடவும் கூடும். துளைக்குள் இருக்கும் தூளை எடுத்துவிட்டு, உள்ளே கொஞ்சம் சிலிகான் விட்டு, அப்புறம் பிளக்கை அடியுங்கள். பூச்சில் போட்ட ஓட்டை அதோடு அடைபடும்.

கமோடோடு வரும் நீளத் திருகைவிட, ஒருமுனை திருகாகவும் மறுமுனை நட் போடும் மரையாகவும் உள்ள ஹேங்கர் போல்ட்தான் எனக்குப் பிடிக்கும். தரையில் நட்டுவைத்தால் இரண்டு குச்சி மாதிரி நிற்கும். கமோடை இறக்கும்போது அவையே வழிகாட்டும். திருகு என்றால், கமோடை வைத்துவிட்டுத் துளை ஒத்துவரவில்லை என்று நகர்த்த வேண்டியிருக்கும். அடியில் மெழுகு இருக்கும்போது நகர்த்தவே கூடாது.

இறக்குதல்

குழாயில் இருந்த துணியை எடுங்கள். ஃபிளாஞ்ச் தட்டையும் கமோடு வாயையும் ஈரமில்லாமல் துடையுங்கள். ஈரத்தில் மெழுகு ஒட்டாது. குளிரில் வளையம் கட்டியாக இருந்தால் சற்று நேரம் கதகதப்பான அறையில் வைத்திருங்கள். ஆப்புகளைக் குறித்த இடத்தில் வையுங்கள்.

வளையத்தை ஃபிளாஞ்ச் மேல் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். ஒரே ஆளாகக் கமோடைத் தூக்க வேண்டாம். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அவன் குனிந்து போல்ட் நுனிகளைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நேர்செங்குத்தாக இறக்கினோம். மெழுகைத் தொட்டதும் பஞ்சுமேல் வைத்ததுபோல் நிற்கும். அங்கே பயந்து திரும்பத் தூக்கிவிடாதீர்கள். தூக்கினால் அந்த வளையம் போய்விட்டது, புதிது போட வேண்டும். மூடியைச் சாத்தி, நடுவில் மெதுவாக உட்காருங்கள். உடல் எடையிலேயே பாதம் தரையையும் ஆப்பையும் தொடும்வரை இறங்கும். நட்டை முடுக்கி இறக்க முயன்றால் எடை முழுக்க இரண்டு துளைகளின் ஓரத்தில் விழும், பீங்கான் அங்கேதான் உடையும்.

பாதம் உட்கார்ந்த பிறகு பிளாஸ்டிக் வாஷர், அதன்மேல் உலோக வாஷர், அப்புறம் நட். கையால் ஓடும்வரை ஓட்டுங்கள். பிறகு சிறிய ஸ்பேனரால் இடது கால் சுற்று, வலது கால் சுற்று என்று மாற்றி மாற்றி. கமோடு அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மறுநாள் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், மெழுகு அடங்கியிருக்கும், கால் சுற்று இடம் கொடுக்கலாம்.

சிலிகானுக்கு முன் சோதனை

பாதத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் செருகிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் சாயம் கலந்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். அப்புறம் ஆறேழு முறை ஃபிளஷ். அரைமணி கழித்துப் பேப்பரில் நிறம் ஏறியிருந்தால் வளையம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

சுத்தமாக இருந்தால், ஆப்பின் நீட்டிய முனைகளை வெட்டிவிட்டு, பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிகானை முன்பக்கமும் பக்கவாட்டிலும் போடுங்கள். பின்பக்கம் சுவரை ஒட்டி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். என்றைக்காவது வளையம் கசிந்தால் தண்ணீர் அந்த வழியே வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். முழுக்க அடைத்ததால்தான் எனக்கு இரண்டு வாரம் தெரியவில்லை. ஒரு நாள் காயவிடுங்கள்.

பிற்சேர்க்கை 1: "சோதனையில் பேப்பர் காய்ந்தே இருக்கிறது, ஆனால் வாடை வருகிறது" என்று ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார். விசாரித்ததில், அவர் கமோடில் வாயுவைத் தடுக்கத் தேங்கியிருக்க வேண்டிய தண்ணீரின் மட்டம் ஃபிளஷ் செய்ததும் தாழ்ந்துவிடுகிறது. அது பெரும்பாலும் கழிவுக் குழாயோடு சேர்ந்த காற்றுக் குழாயின் அடைப்பு, வளையத்தின் குறை அல்ல. கழற்றுவதற்கு முன் அந்த மட்டத்தைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: மெழுகுக்குப் பதில் ரப்பர் வளையம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. தூக்கித் திரும்ப வைக்க முடியும் என்பதால் முதல்முறை செய்பவருக்கு அது எளிது. ஆனால் அதற்கும் இடைவெளிக் கணக்கு அப்படியே உண்டு. எத்தனை மி.மீ. இடைவெளிவரை தாங்கும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், உங்கள் கூட்டுத்தொகை அதற்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.