சிறு விவசாயிகளுக்கான ஏஐ: லிட்டரேச்சர் ரிவ்யூவை எப்படிக் கட்டுவது?

"சிறு விவசாயிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு" என்று அசைன்மென்ட் வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். பத்துக் கட்டுரைகளை டவுன்லோட் செய்து, கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதுவார்கள். அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார் என்று அது பட்டியலாகவே நின்றுவிடும். மதிப்பெண் போவது இங்கேதான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

மழைக் கணிப்பு, சந்தை விலை, பயிர்க்கடன் எல்லாமே இந்தத் தலைப்புக்குள் வரும். ஒன்றைப் பிடியுங்கள். குமரி மாவட்டத்து மாணவருக்குக் கைக்கெட்டும் பயிர் மரச்சீனி, அதாவது மரவள்ளி. "இலையைப் படமெடுத்து மரச்சீனி நோயைக் கண்டறியும் ஏஐ மாதிரிகள், விளையில் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை?" இப்படி ஒரு கேள்வி போதும். சிறு விவசாயி யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்திய வேளாண் கணக்கெடுப்பில் 2 ஹெக்டேருக்குக் குறைவான நிலம் வைத்திருப்போர் குறு, சிறு விவசாயிகள். 2015-16 கணக்குப்படி நாட்டின் நில உடைமைகளில் சுமார் 86 சதவீதம் அவர்களுடையவை.

படி 2: தேடல்

கூகுள் ஸ்காலரில் இதைப் போடலாம்:

```
(cassava OR tapioca) "deep learning" disease (field OR smartphone)
```

இந்தியக் கட்டுரைகள் சிலவற்றில் இரண்டாவது பெயர்தான் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். தேடிய சொற்களையும் தேதியையும் குறித்து வையுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

படி 3: அட்டவணை

எழுத உட்காரும் முன் எக்செலில் ஓர் அட்டவணை போடுங்கள். வரிசைக்கு ஒரு கட்டுரை. ஆசிரியர், ஆண்டு தவிர நான்கு நெடுவரிசைகள் முக்கியம்: படங்கள் எங்கே எடுக்கப்பட்டன, நோயின் பெயரை யார் குறித்தார்கள், மாதிரியை எந்தப் படங்களில் சோதித்தார்கள், என்ன முடிவு கிடைத்தது.

மூன்று கட்டுரைகளை நிரப்பிப் பார்ப்போம். 2016-இல் மொகந்தி, ஹியூஸ், சலத்தே மூவரும் பிளான்ட்வில்லேஜ் என்ற பயிர் இலைப் படத் தொகுப்பின் 54,306 படங்களைக் கொண்டு மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 சதவீதம் சரியாக வந்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்குச் சரிந்தது. அந்தத் தொகுப்பில் மரச்சீனி கிடையாது. ஆனாலும் ஒரே மாதிரியை இரண்டு விதமாகச் சோதித்திருப்பதால் நமக்குத் தேவை.

2017-இல் ராம்சரண் குழுவினர் தான்சானியாவில் வயலிலேயே எடுத்த மரச்சீனிப் படங்களைப் பயன்படுத்தி 93 சதவீதம் எட்டினார்கள். 2019-இல் அதே குழு மாதிரியைச் செல்போனில் ஏற்றி, வயலில் 720 நோயுற்ற சிற்றிலைகளில் சோதித்தபோது, அறிகுறி நன்றாகத் தெரிந்த இலைகளின் படங்களிலேயே, தவறாகச் சொல்வதையும் தவறவிடுவதையும் சேர்த்து அளக்கும் எஃப்-1 மதிப்பு 32 சதவீதம் குறைந்தது. காரணம், நோயுள்ள இலைகளை மாதிரி தவறவிட்டது.

படி 4: தலைப்புகளைப் பிரியுங்கள்

இப்போது அட்டவணையின் கடைசி இரண்டு நெடுவரிசைகளை மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். பிரிவு தானாகத் தெரியும்: தொகுப்புக்குள்ளேயே சோதித்தவை, வெளிப் படங்களில் சோதித்தவை, விவசாயி கையாளும் நிலையில் சோதித்தவை. இவைதான் உங்கள் உள்தலைப்புகள். ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டாம். 2,000 சொல் கேட்டால் முன்னுரைக்கும் தேடல் முறைக்கும் சேர்த்து 400 போதும்; மீதியில் பெரும்பங்கு கடைசி இரண்டு பிரிவுகளுக்குப் போகட்டும்.

பத்தியின் முதல் வரி ஆசிரியர் பெயரில் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "சோதனை பயிற்சிப் படங்களை விட்டு விலக விலக, மாதிரியின் திறன் குறைகிறது (மொகந்தி முதலானோர், 2016, ராம்சரண் முதலானோர், 2019)." அதற்கடுத்த வரிகளில் எண்கள் வரட்டும். அப்புறம் அதன் விளைவு: மரச்சீனியின் தேமல் நோய் வெள்ளை ஈயால் மட்டுமல்ல, நடும் கம்பு வழியாகவும் பரவும். நோயுள்ள செடியை நல்லது என்று ஆப் சொன்னால், அதே கம்பு அடுத்த நடவுக்கும் போகும்.

படி 5: ஆய்வில் உள்ள இடைவெளி

உள்ளூர் ஞானம் உதவும் இடம் இது. ஆப்பிரிக்கப் படத் தொகுப்புகளில் வரும் பழுப்புக் கோடு நோய் இங்கே பிரச்சினை இல்லை. தேமல் நோய் இங்கேயும் உண்டு, ஆனால் அதை உண்டாக்கும் வைரஸ்கள் வேறு. கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளில் மரச்சீனி பெரும்பாலும் தென்னைக்கும் வாழைக்கும் இடையில் நிற்கிறது. நிழல் விழுந்த இலை கேமராவுக்கு எப்படித் தெரியும் என்பதும் ஒரு கேள்வி.

ஆனால் "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். "இன்ன சொற்களால், இன்ன தேதியில் தேடியதில் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். அதற்கு முன், பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.