பிரிட்ஜுக்கு 10 வருட உத்தரவாதம்: கடைக்குக் கடிதம் எழுதும்போது நடக்கும் தவறுகள்

பிரிட்ஜ் கதவில் "10 வருட உத்தரவாதம்" என்று பெரிதாக ஒட்டியிருக்கும். இரண்டாவது வருடத்தில் குளிர் நின்றுவிட்டால், அந்த ஸ்டிக்கரை மனதில் வைத்து "இலவசமாகத் திருத்தித் தாருங்கள், முடியாவிட்டால் புதிது தாருங்கள்" என்று கடைக்கு எழுதிவிடுகிறோம். கடைக்காரர் ஒரே வரியில் மறுத்துவிடுவார்: உத்தரவாத அட்டையில் அப்படி இல்லை. பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். அட்டை தராத ஒன்றைக் கேட்டால், அட்டை தருவதையும் சேர்த்து இழந்துவிடுகிறோம். இந்த வகைக் கடிதங்களில் முதலாவதும் பெரியதுமான தவறு இதுதான்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். திருகோணமலை உவர்மலையில் ஒரு வீடு. 2024 மார்ச் 14இல் நகரில் உள்ள கடையொன்றில் வாங்கிய இன்வேர்ட்டர் பிரிட்ஜ். 2025 ஓகஸ்ட் 20இல் குளிர் நின்றது. கடையிலிருந்து வந்த திருத்துநர் "கொம்பிரசர் போய்விட்டது, 45,000 ரூபாய் முடியும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். வீட்டாருக்குக் கோபம். 10 வருடம் என்றார்களே, பிறகு எதற்கு 45,000?

அட்டையின் படத்தைப் பெரிதாக்கி வாசித்தால் விடை அங்கேயே இருக்கும். இப்படியான அட்டைகளில் பொதுவாக இரண்டு காலங்கள் உண்டு. முழு இயந்திரத்துக்கும், பாகத்தோடு திருத்தும் கூலியையும் சேர்த்து, 1 வருடம். கொம்பிரசர் என்ற பாகத்துக்கு மட்டும் 10 வருடம். இரண்டாவது காலத்தில் காஸ் நிரப்புதல், கூலி, ஏற்றியிறக்கும் செலவு என்பன சேராது என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். முதல் காலம் 2025 மார்ச் 13உடன் முடிந்தது. இரண்டாவது காலம் இன்னும் நெடுநாள் இருக்கிறது. ஆக, இந்த வீட்டார் கேட்கக்கூடியது "எல்லாம் இலவசம்" அல்ல. "கொம்பிரசரின் விலை இலவசம்". அது சிறிய தொகையல்ல. கொம்பிரசர் மாற்றும்போது பில்டர் டிரையர் என்ற சிறு வடிகட்டியையும் மாற்ற வேண்டும், குழாய்களுக்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுக்க வேண்டும், புதிதாகக் காஸ் ஏற்ற வேண்டும். இவற்றுக்குக் கடை பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை ஆகாது. 45,000க்குள் கொம்பிரசரின் விலையும் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தொகையைப் பிரித்து எழுத்தில் கேட்பது.

படம் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், படமெடுத்து, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த மருமகனுக்கோ பக்கத்து வீட்டு ஆசிரியைக்கோ அனுப்பி விளங்கிக்கொள்வது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் அவர்கள் "10 வருடம் இருக்கிறதே" என்றுதான் சொல்வார்கள். எவை சேராது என்ற பட்டியல் பின்பக்கத்தில் இருக்கும். அட்டை மடிப்பு அட்டையாக இருந்தால் நான்கு பக்கங்களையும் எடுக்க வேண்டும்.

வழுவழுப்பான அட்டையில் பிளாஷ் அடித்தால் வெள்ளைப் புள்ளி ஒன்று விழுந்து, சரியாக அந்த இடத்து எழுத்துத்தான் மறையும். பகலில் ஜன்னலோரம், மேசையில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். முழுப் பக்கத்துக்கு ஒரு படம்; பிறகு நிபந்தனைகள் உள்ள பகுதியை மட்டும் கிட்டப்போய் இரண்டு மூன்று துண்டுகளாக. வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய எழுத்து கலங்கிப்போகும். "டொகியுமென்ட்" ஆக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச்சேரும்.

கடையின் முத்திரை வாங்கிய திகதியின் மேல் விழுந்திருந்தால், பற்றுச்சீட்டையும் அதே பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். வெப்பத்தில் அச்சாகும் வழுக்குத் தாள் பற்றுச்சீட்டு நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் வெளுத்துவிடும். அதை வாங்கிய அன்றே படமெடுப்பவர்தான் இரண்டாவது வருடத்தில் கவலையில்லாமல் இருப்பார். உத்தரவாதம் வழக்கமாகப் பற்றுச்சீட்டின் திகதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது, பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. 03/04 என்று எழுதியிருந்தால் எது நாள், எது மாதம் என்று கடையிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பழுது எதுவென்று தெரியாமல் எழுதுவது

"குளிர் இல்லை" என்பது பழுதின் பெயரல்ல. கொம்பிரசர் பழுதானாலும் குளிர் வராது, காஸ் கசிந்தாலும் வராது, இன்வேர்ட்டர் பலகை எரிந்தாலும் வராது. இவற்றில் முதலாவதை மட்டும்தான் 10 வருட உத்தரவாதம் தாங்கும். இன்வேர்ட்டர் பிரிட்ஜில் கொம்பிரசரை ஓட்டுகின்ற மின்சுற்றுப் பலகை தனிப் பாகம்; அட்டையில் அதற்கென்று தனியாக ஒரு வரி இல்லாவிட்டால் முதல் வருடத்தோடு அதன் உத்தரவாதம் முடிந்துவிடும். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வீட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். மோட்டர் ஓயாமல் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் குளிர் வரவில்லை என்றால் காஸ் கசிவுச் சந்தேகம் முன்னுக்கு வரும். உள்ளே விளக்கு எரிகிறது, பின்னால் எந்தச் சத்தமும் இல்லை என்றால் பலகையோ கொம்பிரசரோ, இரண்டில் ஒன்று. அதைப் பிரித்தறிவது திருத்துநரின் வேலை. கொம்பிரசரின் மூன்று முனைகளுக்கிடையே மின்தடையை மீட்டரில் அளப்பார். இன்வேர்ட்டர் வகையில் மூன்று அளவுகளும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டினாலோ, முனைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினாலோ கொம்பிரசரின் சுருள் போய்விட்டது. அளவுகள் சரியாக இருந்தால், கொம்பிரசர்தான் பழுது என்று சொல்வதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும். எனவே கடிதத்தில் கேட்க வேண்டியது "எந்தப் பாகம் பழுது, எதை அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள்" என்பது.

விலக்குகளின் பட்டியலில் நம் ஊருக்கு முக்கியமானவை இரண்டு: துரு, மின்னழுத்த ஏற்ற இறக்கம். கடற்காற்று படும் வீடுகளில் பின்புறக் குழாய்களின் பற்றவைத்த மூட்டுகளில் அரிப்பு வருவது புதிதல்ல. அதனால் காஸ் கசிந்தால் அட்டை கைகொடுக்காது. ஆனால் குழாயில் இலேசான துரு இருக்கிறது என்பதைக் காட்டி, தொடர்பே இல்லாத கொம்பிரசர் பழுதையும் கடை தட்டிக்கழிக்க முடியாது. அதனால் திருத்துநர் வருவதற்கு முன் பிரிட்ஜின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள்.

இன்னொன்று. கடைக்கு அறிவிக்குமுன் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காஸ் ஏற்றிப் பார்ப்பது. ஏற்றுகிற குழாயைத் துளைத்த அடையாளமும், பிடுங்கிய முத்திரையும் அப்படியே தெரியும். "அங்கீகாரம் பெறாதவர் திறந்தால் உத்தரவாதம் செல்லாது" என்ற வரி ஏறக்குறைய எல்லா அட்டைகளிலும் இருக்கும். புதிய பிரிட்ஜுகளில் பெரும்பாலும் உள்ள R600a தீப்பற்றக்கூடிய காஸ் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடிதத்தில்

கோபத்தை முதல் பந்தியில் கொட்டினால் வாசிப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்பது ஐந்தாம் பந்திக்குள் புதைந்துவிடும். கடை முகாமையாளர் இந்தக் கடிதத்தைக் கொழும்பிலுள்ள இறக்குமதி நிறுவனத்துக்கு அனுப்பித்தான் பாகத்தைப் பெறுவார். அவர் அப்படியே முன்னனுப்பக்கூடியதாக உங்கள் கடிதம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மொடலையும் தொடர் இலக்கத்தையும் பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அட்டையில் உள்ள இலக்கமும் ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றுதானா என்று முதலில் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அதையே முதலில் திருத்திக்கேட்க வேண்டும்.

நம் உதாரண வீட்டாரின் கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

2024.03.14 அன்று தங்கள் கடையில் வாங்கிய பிரிட்ஜ் (மொடல், தொடர் இலக்கம், பற்றுச்சீட்டு இலக்கம்) 2025.08.20 முதல் குளிர்விப்பதில்லை. 25ஆம் திகதி வந்து பார்த்த தங்கள் திருத்துநர், கொம்பிரசர் பழுது எனவும் 45,000 ரூபாய் செலவாகும் எனவும் வாய்மொழியாகத் தெரிவித்தார்.

உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் கொம்பிரசருக்கு 10 வருட உத்தரவாதம் குறிப்பிடப்பட்டுள்ளது. கூலி, காஸ், போக்குவரத்து என்பன முதல் வருடத்துக்குப் பின் சேராது என்பதையும் அறிவோம். அவற்றுக்கான நியாயமான தொகையைச் செலுத்தத் தயாராக உள்ளோம்.

எனவே, பழுதான பாகம் எது என்ற எழுத்து அறிக்கையையும், கொம்பிரசர், வடிகட்டி, காஸ், கூலி, போக்குவரத்து என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரித்த மதிப்பீட்டையும் 2025.09.10க்கு முன் தந்துதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். அட்டை, பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,"

இதில் சேராதவற்றையும் நாமே ஒப்புக்கொள்கிறோம். அது விட்டுக்கொடுப்பாகத் தோன்றலாம். ஆனால் அட்டையை முழுதாக வாசித்த ஒருவர் எழுதுகிறார் என்பது அந்த ஒரு வசனத்திலேயே கடைக்காரருக்குப் புரிந்துவிடும்; ஸ்டிக்கரை மட்டும் பார்த்தவரிடம் சொல்லும் பதிலை அவர் இங்கே சொல்ல முடியாது. "உடனடியாக" என்று எழுதாமல் ஒரு திகதியைப் போட்டதும் அதற்காகத்தான். உடனடிக்கு எல்லை இல்லை. செப்டெம்பர் 10க்கு உண்டு.

மூல அட்டையைக் கடையில் கொடுத்துவிட்டு வருவது சிறிய தவறாகத் தெரியும், ஆனால் பிறகு கையில் ஒன்றுமிருக்காது. பிரதியைக் கொடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு கடை முத்திரை வாங்குங்கள். கடைக்காரர் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசி முடித்தாலும், "இன்று பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி வட்ஸ்அப்பில் போட்டுவிடுவது நல்லது.

முதல் கடிதத்திலேயே நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் பெயரைப் போட்டு மிரட்ட வேண்டாம். உதவ நினைக்கும் முகாமையாளரும் "தலைமையகம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுங்கிவிடுவார். குறித்த திகதி தாண்டி, சுருக்கமான நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள்களைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க அதிகாரசபைக்கு இடமளிக்கிறது. அதே பிரிவு, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் வாங்கிய புதிதிலேயே பழுது வந்தால் கடையோடு மாதக்கணக்கில் இழுபட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 17 மாதத்துக்குப் பின் வந்த நம் உதாரணம் போன்றதானால், முதல் அழைப்பிலேயே வாங்கிய திகதியையும் 10 வருட வரியையும் சொல்லி, எப்படி முறையிடலாம் என்று கேட்டுவிட்டு, முத்திரையிட்ட பிரதியோடு எழுத்து முறைப்பாட்டைத் தயாரிக்கலாம்.