ஆபீஸ் கார்பூல்: பச்சை டிக்கைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு மேடவாக்கம் வழியாகத் தினமும் போகிறேன். கார் என்னுடையது, கூட இரண்டு பேர் வருகிறார்கள். ஆப் இறக்குவது, ஓடிபி போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு வருவதை மட்டும் எழுதுகிறேன்.

1. எந்த ஆப்

ஆபீஸ் போக குயிக் ரைடுதான் என் தேர்வு. வேலை செய்யும் கம்பெனியை வைத்து ஆட்களைச் சரிபார்க்கிறது. ப்ளாப்ளாகார் திருச்சி, மதுரை என்று வெளியூர் போகும்போது சரி. தினசரி ஓட்டத்துக்கு அது ஒத்துவராது. எந்த ஆப்பாக இருந்தாலும் வாலட்டில் பெரிய தொகையைப் போட்டு வைக்காதீர்கள். எஸ்ரைடு என்ற கார்பூல் ஆப் உரிய அனுமதி இல்லாமல் வாலட் நடத்துகிறது என்று 2022 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. ஒரு வாரத்துக்கான பணம் இருந்தால் போதும்.

2. டிக் எதைச் சொல்கிறது

இந்த இடத்தில்தான் எனக்கு நேரம் பிடித்தது. பெயருக்குப் பக்கத்தில் டிக் இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆபீஸ் மெயிலுக்கு வந்த ஓடிபியைப் போட்டு வாங்கிய டிக் என்றால், ஓடிபி வந்த அன்றைக்கு அந்த மெயில் அவர் கையில் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். போன மாதம் வேலையை விட்டவருக்கும் அது அப்படியே நிற்கலாம்.

அதனால் முதல் பயணத்துக்கு முன்னால், என் ஆபீஸ் மெயிலிலிருந்து அவருடைய ஆபீஸ் மெயிலுக்கு ஒரு வரி அனுப்புகிறேன்: "நாளை காலை 8 மணி, கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப், சரியா?" பதில் வந்தால் ஆள் அங்கேதான் இருக்கிறார். மெயில் திரும்பி வந்தால் அதோடு விட்டுவிடலாம். அனுப்ப மாட்டேன், வாட்ஸ்அப் போதும் என்று இழுப்பவரோடு நான் போவதில்லை.

நீங்கள் ஏறிக்கொள்பவர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. mParivahan ஆப்பில் கார் நம்பரைப் போடுங்கள். இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, சொந்த உபயோக வண்டியா வாடகை வண்டியா என்று காட்டும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்திருப்பார்கள், ஆனாலும் பொருந்துகிறதா என்று ஊகிக்கலாம்.

3. காசு

என் வழி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இந்த நெரிசலில் கார் லிட்டருக்கு 14 தருகிறது. பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் ஒரு நடைக்கு ஏறத்தாழ 145 ரூபாய். மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 48.

இப்போது ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் என்று போட்டால் என்ன ஆகும்? இரண்டு பேரிடமும் சேர்த்து 160 ரூபாய் வரும். அதாவது பெட்ரோல் செலவு போக எனக்கு 15 ரூபாய் மிச்சம். சின்னத் தொகைதான், ஆனால் சொந்தக் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டினால் பொறுப்பில்லை என்ற நிபந்தனை இருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். நான் 2.50 வைத்திருக்கிறேன். இருவரும் ஆளுக்கு 50 தர, மீதி 45 என் கையிலிருந்து போகிறது.

2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும், மாநில அரசு தடுக்காத வரை, சொந்தக் காரில் நகருக்குள் நாளுக்கு 4 நடை வரை பகிர இடம் தந்தது. போக ஒன்று, வர ஒன்று என்பவருக்கு இது தாராளம். நாள் முழுக்க ஆள் ஏற்றுபவர் கார்பூல்காரர் இல்லை, ஒயிட் போர்டு டாக்ஸி!

ஏறுபவர்கள் ஓட்டுநரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "பாலிசி காம்ப்ரிஹென்சிவா, தேர்டு பார்ட்டி மட்டுமா?" வெறும் தேர்டு பார்ட்டி என்றால் காருக்குள் இருக்கும் உங்களுக்கு இழப்பீடு கிடைப்பது சிக்கல்.

4. ஏறும் இடம்

வீட்டு வாசலைப் பின் போடாதீர்கள். பஸ் ஸ்டாப், பெட்ரோல் பங்க் மாதிரி இடமாக, சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேடவாக்கம் ஜங்ஷன் என்று மட்டும் சொன்னால், நீங்கள் பாலத்துக்குக் கீழே நிற்க, கார் மேலே போய்விடும்.

ஏறியதும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிடுங்கள். 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வு வரும். 15 நிமிஷம் நம் டிராஃபிக்குக்குப் பத்தாது.

பின்சேர்க்கை: கார் அப்பா பெயரில் இருந்தால் பெயர் பொருந்தாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான், கம்பெனி லீஸ் காரிலும் அப்படித்தான் வரும். ஆர்சியில் உள்ள பெயருக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்டுக்கொண்டால் போதும். வண்டி நம்பரே ஆப்பில் ஒன்று, நேரில் ஒன்று என்றால் மட்டும் ஏறாதீர்கள்.

இரவு ஷிஃப்ட் பற்றி ஒரு சகோதரி கேட்டதற்கு: பெண்கள் மட்டும் என்ற தேர்வைப் போட்டால் துணை கிடைப்பது குறையும். இரவு 9 மணிக்கு மேல் என்றால் ஆபீஸ் கேப்பையே கேட்டு வாங்குங்கள்.