ஃபுளோரைடு எலக்ட்ரோடும் டிசாப் கரைசலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரோடு புதிது, அளவுத்திருத்தக் கோடும் நேராக வந்திருக்கிறது, ஆனாலும் தண்ணீரின் ஃபுளோரைடு அளவு தவறாக வரலாம். பெரும்பாலும் காரணம் எலக்ட்ரோடு அல்ல, டிசாப் எனப்படும் அயனிச் செறிவுத் தாங்கல் கரைசலை விட்டதோ, தப்பாகச் சேர்த்ததோதான்.

லாந்தனம் ஃபுளோரைடு படிகம் பொருத்திய இந்த எலக்ட்ரோடு, ஃபுளோரைடின் மொத்தச் செறிவை அளப்பதில்லை. கரைசலில் தனித்து நிற்கும் ஃபுளோரைடு அயனியின் செயல்திறனுக்குத்தான் அது பதில் சொல்கிறது. உப்பு கூடக்கூட அந்தச் செயல்திறன் குறையும். லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் ஃபுளோரைடும், சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் குளோரைடும் உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். வெறும் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த தரக் கரைசல்களோடு இதை ஒப்பிட்டால் கருவி ஏறக்குறைய 1.4 என்று காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 1.5-ஐத் தாண்டிய தண்ணீர், தாளில் பாதுகாப்பானதாகிவிடும்!

டிசாப் இதைச் சரிசெய்யும் விதம் எளிது. அதிலுள்ள ஏராளமான உப்பின் முன்னால் மாதிரியின் உப்பு வேறுபாடு பொருட்டே இல்லாமல் போகிறது. அதனால்தான் மாதிரிக்கு மட்டும் ஊற்றினால் போதாது. தரக் கரைசல் 50 மி.லி. என்றால் டிசாப் 50 மி.லி., மாதிரிக்கும் அதே 50-க்கு 50. இரண்டும் ஒரே அளவில் நீர்த்திருப்பதால், தரக் கரைசலின் மூலச் செறிவை வைத்துக் கோடு வரைந்திருந்தால் விடையை இரண்டால் பெருக்கக் கூடாது. இது அடிக்கடி நடக்கும் பிழை. பத்துக்கு ஒன்று என்று சேர்க்கும் அடர்த்தியான வகையும் கிடைக்கிறது, ஆகவே புட்டியைப் படித்துவிட்டு அளவெடுங்கள்.

அதன் இன்னொரு வேலை பிஎச்-ஐ 5 முதல் 5.5-க்குள் நிறுத்துவது. அமிலம் கூடினால் ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும், பிஎச் 3.2 வாக்கில் பாதி மறைந்துவிடும். காரம் கூடினால் ஹைட்ராக்சைடு அயனியையே எலக்ட்ரோடு ஃபுளோரைடாக எண்ணிக்கொள்ளும். அமிலம் சேர்த்துப் பாதுகாத்த மாதிரியில் டிசாபின் தாங்கும் திறன் தீர்ந்துபோகலாம். கலந்த பிறகு பிஎச்-ஐ ஒருமுறை பார்ப்பது நல்லது.

எனக்கு அதிகக் கவலை தருவது அலுமினியம்தான். படிகாரம் போட்டுத் தெளியவைத்த நீரில் அது மிச்சமிருந்து ஃபுளோரைடை இறுகப் பிடித்துக்கொள்ளும். டிசாபில் உள்ள சிடிடிஏ அலுமினியத்தைத் தன்பக்கம் இழுத்து ஃபுளோரைடை விடுவிக்கும், ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அலுமினியம் அளவுக்கு மிஞ்சினால் அதாலும் முடியாது. மில்லிவோல்ட் மெதுவாக எதிர்மறைப் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால் விடுவிப்பு இன்னும் முடியவில்லை என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய, தெரிந்த அளவு ஃபுளோரைடைக் கூடுதலாகச் சேர்த்து அளந்து பாருங்கள். சேர்த்தது முழுதாகத் திரும்பி வராவிட்டால், முதலில் காய்ச்சி வடித்துப் பிரித்த பிறகே அளக்க வேண்டும்.

காந்தக் கலக்கியின் சூடும் அளவைக் கெடுக்கும். ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே செறிவில் சுமார் 4 சதவீதம் மாறும் என்பதால், பீக்கருக்கு அடியில் வெப்பம் கடத்தாத அட்டை ஒன்றை வைத்து, தரக் கரைசலையும் மாதிரியையும் ஒரே வெப்பநிலையில் அளவிடுங்கள்.